முடிவு சொல்லப்படாத யானைக் கதை

அக்கா மகளுக்கு ஒன்பது வயது. போன மாதம் பள்ளியில் கதை சொல்லும் போட்டியில் கலந்துகொண்டாள், பரிசு எதுவும் கிடைக்கவில்லை. அன்று மாலை அக்கா போனில் விஷயத்தைச் சொன்னதுமே, வழியில் ஒரு பெரிய கோப்பை வாங்கிக்கொண்டு போகலாமா என்றுதான் நினைத்தேன். அதில் அவள் பெயரையும் பொறித்துக் கொடுத்தால் சந்தோஷப்படுவாள் என்று தோன்றியது. "இப்போ எதுவும் வாங்கிட்டு வராதே, சும்மா வா" என்று அக்கா தடுத்துவிட்டாள். அவள் தடுத்தது எவ்வளவு சரி என்று அந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதிவு.

அழுதுகொண்டிருக்கும் குழந்தையின் கையில் ஒரு பரிசுப் பொருளைக் கொடுத்தால், உடனே அது சிரித்தாக வேண்டும். நன்றி சொல்ல வேண்டும், பிடித்திருக்கிறதா என்று கேட்டால் தலையாட்ட வேண்டும். பெரியவர்கள் ஆசையாக வாங்கி வந்திருக்கிறார்கள் என்பது ஒன்பது வயதில் நன்றாகவே புரியும். அதனால் அழுகையை விழுங்கிவிடும். நாமும் சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வோம். என்ன வலித்தது என்று கடைசிவரை நமக்குத் தெரியாமலே போய்விடும்.

வெறுங்கையோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "நீதான் நல்லா சொல்லியிருப்பே, நடுவருக்குத்தான் தெரியல" என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சித்தி, நீங்க அந்தப் பையன் கதையைக் கேட்கவே இல்லையே. அவன் ரொம்ப நல்லா சொன்னான்" என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

ஏழெட்டு வயதிலிருந்தே பிள்ளைகள் தங்களை மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு எடைபோட ஆரம்பித்துவிடுகிறார்கள். யார் வேகமாக ஓடுகிறார்கள், யார் அழகாக வரைகிறார்கள் என்பதெல்லாம் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அந்த வயதுப் பிள்ளையிடம் போய் நடுவர் தவறு செய்துவிட்டார் என்றால், ஒன்று அது நம்மை நம்பாது. அல்லது நம்பிவிடும். நம்பிவிட்டால் இன்னும் கஷ்டம், தான் சொன்ன கதையை அது திரும்பிப் பார்க்கவே செய்யாது.

"நீ புத்திசாலி, நீ எப்பவும் ஜெயிக்கிறவ" என்பதையும் நான் இப்போது சொல்வதில்லை. கிளாடியா முல்லர், கரோல் ட்வெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, நன்றாகச் செய்ததும் சிலரை "நீ புத்திசாலி" என்றும் சிலரை "நல்லா உழைச்சிருக்கே" என்றும் பாராட்டினார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்கவைத்தார்கள். புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் அதற்குப் பிறகு சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். எளிய புதிர்களைத் திரும்பக் கொடுத்தபோதுகூட முன்பைவிடக் குறைவாகத்தான் செய்தார்கள். ஜெயித்ததற்குக் காரணம் புத்தி என்றால், தோற்றதற்குக் காரணம் புத்தி இல்லாததுதான் என்று ஒரு குழந்தை முடிவுகட்டுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

சரி, என்னதான் பேசுவது? அன்று நான் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி, "பரிசு வரலைன்னு வருத்தமா இருக்கா?" என்பதுதான். கேள்வியில் இருந்த ஊகம் தவறு. ஆனால் தவறாக ஊகித்ததால்தான் அவள் திருத்தினாள். "பரிசு இல்ல சித்தி. நான் சொல்லிட்டு இருக்கும்போதே மணி அடிச்சுட்டாங்க. கதை முடிஞ்சிருச்சுன்னு நினைச்சு எல்லாரும் கைதட்டிட்டாங்க." இதைச் சொல்லும்போதுதான் நிஜமாக உடைந்து அழுதாள்.

அது அவளே உருவாக்கிய கதை. ஒரு யானை தன் நிழலைக் காணோம் என்று காடு முழுக்கத் தேடிப் போகும். கடைசியில்தான் விஷயமே இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே கைதட்டிவிட்டார்கள். நான் கோப்பை வாங்கிப் போயிருந்தால் அவளுக்கு வலிக்காத இடத்தில் மருந்து தடவியிருப்பேன். "முடிவைச் சொல்ல முடியாமப் போச்சேன்னு இருக்கு, இல்லையா?" என்று மட்டும் கேட்டேன். தலையாட்டினாள். வேறெதுவும் சொல்லாமல் கொஞ்ச நேரம் மடியில் படுக்கவைத்துக்கொண்டேன்.

எங்கே தவறு நடந்தது என்ற பேச்சை அன்று எடுக்கவே இல்லை. அழுகிற நேரத்தில் அது குற்றம் சாட்டுவதாகத்தான் காதில் விழும். இரண்டு நாள் கழித்து அவளே, "மத்தவங்க எல்லாம் எப்படி முடிச்சாங்க?" என்று கேட்டாள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு மறுபடி சொல்லச் சொன்னோம். போட்டியில் கொடுத்தது 3 நிமிடம். அவள் கதை 3 நிமிடம் 50 நொடி ஓடியது. காட்டையும் மரங்களையும் வர்ணிப்பதற்கே 1 நிமிடம் 40 நொடி போய்விட்டது. "அப்போ காடு பெரிசாயிடுச்சு, யானைக்கு இடமே இல்ல" என்றாள். நான் எவ்வளவு யோசித்தாலும் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது. தான் மட்டமானவள் என்ற எண்ணம் போய், 50 நொடி கூடிப்போச்சு என்ற அளவில் தோல்வி அவளுக்குள் சுருங்கியது. அது கையாளக்கூடிய அளவு.

பரிசைப் பற்றி யோசித்தது அதற்குப் பிறகுதான். பேச்சுக்கலைப் புத்தகம், நிறுத்துக் கடிகாரம் என்று வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆறுதல் என்று கொடுத்துவிட்டு உள்ளே வீட்டுப்பாடத்தை வைத்தால் குழந்தை கண்டுபிடித்துவிடும். கடைசியில் நான் வாங்கியது ஒரு சின்னக் கை டார்ச். இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரில் நிழல் காட்டுவது அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். "இது உன் யானைக்கு" என்று சொல்லிக் கொடுத்தேன். தோற்றதற்காக என்றோ, அடுத்த தடவை ஜெயிப்பதற்காக என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தோற்றால் பரிசு கிடைக்கும் என்று பழகிவிடாதா என்று அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1973இல் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு வழிகாட்டும். படம் வரைய ஆசைப்படும் சின்னக் குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுத்தபோது, பிறகு அவர்களுக்கு வரைவதில் ஆர்வம் குறைந்தது. சொல்லாமல் திடீரென்று கொடுத்தபோது அப்படிக் குறையவில்லை. அதனால் நான் வைத்துக்கொண்ட கணக்கு இதுதான்: முன்னால் வாக்குக் கொடுக்கக் கூடாது, ஒவ்வொரு தோல்விக்கும் கொடுக்கக் கூடாது, பொருள் சின்னதாக இருக்க வேண்டும். அப்புறம், அவளுக்குக் கொடுத்ததைப் பார்த்துத் தம்பி "எனக்கு?" என்று கேட்பான். டார்ச் என்பதால் பிரச்சினை வரவில்லை, பிடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். களிமண் யானையை நடுவில் வைத்தாள். தம்பி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்க, நிழல் சுவர் முழுக்க நீண்டது. கதையை முதலிலிருந்து சொன்னாள், காட்டையும் ஒரு மரம் விடாமல் வர்ணித்தாள். யாரும் மணி பார்க்கவில்லை. முடிவு வந்ததும் தம்பியின் கையைப் பிடித்து, டார்ச்சை மெதுவாக யானையின் தலைக்கு நேர் மேலே கொண்டுவந்தாள். சுவரில் இருந்த நிழல் கீழே இறங்கிச் சுருங்கிச் சுருங்கி யானைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"உச்சி வெயில் நேரம். அது காலுக்குக் கீழேயேதான் இருந்துச்சு" என்றாள்.