ஆஸ்மோமீட்டர் 290 காட்டினால் போதுமா?

"ஆஸ்மோமீட்டரில் 290 வந்தாலே பஃபர் ஐசோடானிக். டிஎம்எஸ்ஓ சேர்த்து அளவு ஏறினால் தண்ணீர் விட்டு 290-க்கு இறக்குங்கள். எல்லா லேபுக்கும் பகிரவும்."

குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. உறைநிலை எவ்வளவு இறங்கியது என்பதை வைத்து, கரைந்த துகள்கள் மொத்தம் எவ்வளவு என்று மட்டுமே கருவி சொல்கிறது. 290 மில்லிஆஸ்மோலுக்குச் சுமார் 0.54 டிகிரி. அவற்றில் எது செல்லுக்குள் நுழையும் என்பது அதற்குத் தெரியாது.

சந்தேகமிருந்தால் சோதித்துப் பாருங்கள். ஒரு குழாயில் 0.9% உப்புக்கரைசல், இன்னொன்றில் கிலோ தண்ணீருக்கு 18 கிராம் யூரியா. கருவியில் இரண்டும் 300-ஐ ஒட்டியே வரும். இரண்டு குழாயிலும் ஒவ்வொரு துளி ரத்தம் விடுங்கள். உப்பில் கலங்கலாகவே நிற்கும். யூரியாவில் சீக்கிரமே தெளிந்து, குழாய்க்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் படிக்கலாம்: யூரியா உள்ளே போக, தண்ணீரும் தொடர்ந்து, சிவப்பணுக்கள் வெடித்துவிட்டன. உடலியங்கியல் பாடநூல்களிலும் இது உண்டு.

டிஎம்எஸ்ஓவும் இப்படி உள்ளே போவதுதான். 1% சேர்த்தால் அளவு ஏறக்குறைய 140 கூடி 430 ஆகும். தண்ணீர் விட்டு 290 ஆக்கினால் உப்பின் பங்கு 200-க்கும் கீழே, செல் வீங்கும். உப்பை வைத்தே 290 அமைத்துவிட்டு, பிறகு டிஎம்எஸ்ஓ சேருங்கள். 430 காட்டினால் காட்டட்டும்.

அந்தச் செய்தியை இனி அனுப்ப வேண்டாம். வந்த குழுவில் இதைப் போடுங்கள்.