ஒரு புள்ளிக்காக ஆறு ராத்திரி

ஆறு ராத்திரி போய்விட்டது. ஒரு டிவிடி படத்தின் அடியில் ஓடும் தமிழ் வரிகளை எழுத்தாக மாற்றும் வேலை; 612 வரிகளில் 340 தாண்டவில்லை. வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

2009-இல் எங்கள் ஆயா காரைக்குடி வீட்டு வளவில் உட்கார்ந்து, தன் கல்யாணத்தையும் சீர்ச் சாமான் பரப்பியதையும் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். பல் போன வாய், பேச்சு விளங்காது என்று படத்தின் அடியில் தமிழ் வரிகளும் போட்டு டிவிடி செய்து வாங்கினோம். ஆயா இன்று இல்லை. ஐயாவுக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை. அந்த வரிகளைப் பெரிய எழுத்தில் கொடுத்தால் அவர்கள் படித்துக்கொள்வார்கள். இவ்வளவுதான் என் ஆசை.

டிவிடி போட்டுக் கொடுத்தவரிடம் தட்டச்சு செய்த கோப்பைக் கேட்டேன். "அதையெல்லாம் அப்பவே அழிச்சாச்சு சார்" என்றார். சில நூறு கேபி கூட வராத கோப்பு! அதை அதே தட்டில் ஒரு ஓரத்தில் போட்டு வைக்க என்ன கேடு?

டிவிடியில் இருப்பது எழுத்தே இல்லை, எழுத்தின் படம். `.idx`, `.sub` என்று இரண்டு கோப்புகளாகப் பிரித்தெடுத்தால் எந்த வரி எந்த நொடியில் வர வேண்டும் என்பது சுத்தமாகக் கிடைத்துவிடும். ஆனால் வரி ஒவ்வொன்றும் ஒரு சின்னப் படம். 720×576 திரையில், நாலே நாலு நிறத்தில் வரைந்தது. அதில் ஒன்று பின்னணி, ஒன்று எழுத்தின் உடல், மற்றவை ஓரக்கோடு. ஆங்கிலம் இதில் பிழைத்துக்கொள்ளும். நம் எழுத்தில் புள்ளி இரண்டு மூன்று பிக்சல்தான். கறுப்பு ஓரக்கோடு அதை விழுங்கிவிடுகிறது. ண-வின் சுழிகள் அடைத்துக்கொண்டு ன ஆகிவிடுகின்றன.

Subtitle Edit என்ற மென்பொருளில், படத்திலிருக்கும் எழுத்தைப் படித்துத் தரும் டெசராக்டைத் தமிழுக்கு வைத்து ஓட்டினேன். "வளவு" எல்லாம் "வனவு". "அப்பத்தா" வந்த இடத்தில் "அப்பத்தர". துணைக்காலுக்கும் ர-வுக்கும் நடுவே இருப்பது கீழே இழுத்த ஒரு சின்னக் கோடு, அது இந்த அளவில் தெரிவதில்லை. ஆங்கிலத்தையும் சேர்த்து வைத்தால் சரியாகும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டது இன்னும் மோசம்: ப எல்லாம் U, ட எல்லாம் L.

இரண்டு ராத்திரி கழித்துத்தான் பிடிபட்டது. முதலில் நிறங்களைக் கையால் அமைத்து, ஓரக்கோட்டை மறைத்து, எழுத்தின் உடலை மட்டும் வெள்ளையில் விட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு வரியின் PNG படத்தையும் மூன்று மடங்காக்கி, வெள்ளையில் கறுப்பாக மாற்ற வேண்டும்:

```
magick 0147.png -background black -alpha remove -negate -resize 300% a.png
tesseract a.png a -l tam --psm 6
```

புள்ளிகள் பெரும்பாலும் திரும்பி வந்தன. சரி, முடிந்தது என்று நினைத்தேன். இல்லை.

கண்ணுக்குத் தெரிகிற பிழை பெரிய தொல்லை இல்லை. உயிர்மெய்க்குறி தவறான இடத்தில் நின்றால், அதாவது சொல்லின் முதலிலோ இன்னொரு குறிக்குப் பின்னாலோ வந்தால், இந்த ஒரு தேடல் பிடித்துவிடும்:

```
(^|[^\u0B95-\u0BB9])[\u0BBE-\u0BCD]
```

பிழையே ஒரு நல்ல சொல்லாக நிற்கும்போதுதான் ஆத்திரம் வருகிறது. கல்யாணக் கதையில் "மணம்" பத்து இடத்தில் வந்தால் நாலு இடம் "மனம்". "பால்" என்பது "பரல்". எழுத்துப்பிழை பார்க்கும் அகராதி இரண்டையும் சரி என்கிறது. ஆயா சொன்ன "கொட்டான்", "கழுத்தீரு" போன்ற செட்டிநாட்டுச் சொற்களின் அடியில் மட்டும் சிவப்புக் கோடு போடுகிறது! சரியானதைத் தப்பு என்றும் தப்பைச் சரி என்றும் சொன்னால் ஒருவன் எதை நம்புவது?

இதைவிடக் கொடுமை ஔகாரம். "சௌக்கியம்" என்ற சொல்லை எகரக் கொம்பு, ச, பிறகு ள என்று படித்து "செளக்கியம்" என்று எழுதி வைக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் தேடினால் கிடைக்காது. மொத்தமாக மாற்றிவிடலாம் என்று "ெள" எல்லாவற்றையும் "ௌ" ஆக்கினேன். ஆயாவின் வெள்ளிச் சாமான் முழுக்கச் சிதைந்துபோனது. வெள்ளி, வெளி, தெளிவு எல்லாவற்றிலும் அதே கொம்பும் ள-வும் நியாயமாகவே இருக்கின்றனவே! பழைய நகலை எடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

இப்போது ஒவ்வொரு வரியாக, படத்தை ஒரு பக்கமும் எழுத்தை ஒரு பக்கமும் வைத்து, ஆயாவின் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு திருத்துகிறேன். "ஒரு பட்டனைத் தட்டினா வந்துடுமே" என்று இனி யாராவது என்னிடம் சொன்னால் 341-ஆம் வரியை அவர்கள் கையில் கொடுத்துவிடுவேன். அதில் ஆயா தன் கழுத்தீருவைப் பற்றிச் சொல்கிறார்கள். ஐந்து சொல், மூன்று தப்பு.