பைப்பை மாற்றினால் படகு எஞ்சின் அதிர்வு நிற்குமா?

"நான்கு சிலிண்டர் படகு எஞ்சின் அதிர்கிறதா? 2, 3 இன்ஜெக்டர் பைப்புகளை மாற்றி மாட்டி, சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 வரிசையை 1-2-4-3 ஆக்குங்கள், நின்றுவிடும்." மண்டபம், பாம்பன் பக்கம் சுற்றும் செய்தி இது.

தவறு. பிஸ்டன்களின் எடையைச் சமன்செய்வது கிராங்கின் அமைப்பு. 1, 4 மேலே வரும்போது 2, 3 கீழே இருப்பதால் முதன்மை விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஆனால் கனெக்டிங் ராடு சாய்வதால், மேல்முனையில் பிஸ்டன் கீழ்முனையைவிடச் சட்டென்று திரும்புகிறது. இதில் எழும், கிராங்கின் இரட்டை வேக அதிர்வு நான்கிலும் ஒரே திசையில் கூடுகிறது. அதை அடக்க, இரட்டை வேகத்தில் சுழலும் பேலன்ஸ் தண்டுகள் வேண்டும்.

பைப்பை மட்டும் மாற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் மாறாது. 2, 3-இல் டீசல் புகை வெளியேறும் நேரத்தில் பாயும். எஞ்சின் இரண்டே சிலிண்டரில் திணறும். சரியான வரிசை எஞ்சின் கையேட்டிலேயே இருக்கிறது. அதிர்வு புதிதாகத் தொடங்கியிருந்தால் மவுண்டிங்கையும் புரொப்பல்லரையும் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.