டைம்அவுட்டை ஏத்துனா டூப்ளிகேட் போயிடுமா?

"கியூல ஒரே மெசேஜ் ரெண்டு தடவை வருது, அமேசான் எஸ்கியூஎஸ் பக் போல"ன்னு யாராவது சொன்னா உடனே இன்னொருத்தர் வந்து "விசிபிலிட்டி டைம்அவுட்டை ஏத்தி விடுங்க ப்ரோ"ன்னு சொல்லிட்டுப் போயிடுவார். பக்கும் இல்ல, அந்த மருந்தும் பாதி நேரம் தப்பான மருந்துங்கறது என் கட்சி.

முதல்ல ஒண்ணு. வொர்க்கர் ஒரு மெசேஜை எடுத்தா அது கியூவை விட்டுப் போறதில்ல, கொஞ்ச நேரம் மத்தவங்க கண்ணுக்குத் தெரியாம இருக்கு, அவ்ளோதான். அந்த நேரம்தான் விசிபிலிட்டி டைம்அவுட், எஸ்கியூஎஸ்ல சும்மா விட்டா அது 30 செகண்ட். வேலைய முடிச்சு நீங்களா டெலீட் பண்ணணும். பண்ணலன்னா வொர்க்கர் செத்துப் போச்சா இல்ல மெதுவா ஓடிட்டிருக்கான்னு கியூவுக்குத் தெரிய வழியே கிடையாது, ரெண்டுமே அதுக்கு ஒரே மௌனம்தான், அதனால டைம் முடிஞ்சதும் மெசேஜை திரும்ப வெளில காட்டிடும்.

இப்போ நிறைய பேர் மாட்டுற இடம். இன்வாய்ஸ் பிடிஎஃப் பண்ணி கஸ்டமருக்கு மெயில் அனுப்புற வொர்க்கர்னு வைங்க, ஒண்ணுக்கு 8 செகண்ட். டைம்அவுட் 30. தாராளமா இருக்கேன்னு தோணும். ஆனா ரிசீவ் பண்றப்போ ஒரே ரிக்வெஸ்ட்ல 10 மெசேஜ் எடுக்கறாங்க (அதுதான் மேக்ஸிமம், காசு மிச்சம்னு எல்லாரும் பத்தே வைப்பாங்க), எடுத்துட்டு ஒண்ணு ஒண்ணா லூப்ல ஓட்டறாங்க. பத்துக்கும் கடிகாரம் எடுத்த செகண்டிலயே ஓட ஆரம்பிச்சாச்சு, லூப்ல அதோட முறை வர்றப்போ இல்ல. 24வது செகண்ட்ல மூணு முடியும். நாலாவது ஓடிட்டிருக்கும்போதே 30 வந்துடும், அப்போ நாலுல இருந்து பத்து வரைக்கும் ஏழும் திரும்ப வெளில வந்துடும், சும்மா இருக்கற இன்னொரு வொர்க்கர் எடுத்துக்கும். முதல் வொர்க்கருக்கு இது எதுவும் தெரியாது, அது பாட்டுக்கு அஞ்சு, ஆறுன்னு போய்ட்டே இருக்கும். கஸ்டமருக்கு ரெண்டு மெயில்.

இதுல இன்னொரு கூத்து, 32வது செகண்ட்ல முதல் வொர்க்கர் நாலாவதை டெலீட் பண்ணுது இல்லையா, டெலீட் பண்ண காட்ட வேண்டிய சீட்டு மாதிரி ஒண்ணு ரிசீட் ஹேண்டில், அதுகிட்ட இருக்கறது பழசு. மெசேஜை ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் ஹேண்டில் மாறும். ஸ்டாண்டர்ட் கியூல பழைய ஹேண்டிலோட டெலீட் பண்ணா சக்ஸஸ்னு பதில் வரும், மெசேஜ் மட்டும் அங்கேயே இருக்கலாம்! லாக்ல எல்லாம் பச்சையா இருக்கும். லோடு ஏறி ஒவ்வொண்ணும் 12 செகண்ட் ஆச்சுன்னா இன்னும் மோசம், டூப்ளிகேட் வேலையே லோடை ஏத்தி மேலும் டூப்ளிகேட்டை உண்டாக்கும், கடைசில மெசேஜ், எத்தனை தடவை எடுக்கலாம்னு வெச்ச `maxReceiveCount` லிமிட்டைத் தாண்டி, முடியாத மெசேஜை ஒதுக்கி வைக்கற டெட் லெட்டர் கியூல போய் விழும். அதைத் தொறந்து பார்த்தா ஏற்கனவே மெயில் போன இன்வாய்ஸாவே கிடக்கும்.

சந்தேகம் இருந்தா ஒரு மெசேஜை எத்தனை தடவை எடுத்தாச்சுன்னு சொல்ற `ApproximateReceiveCount`ஐ லாக்ல போடுங்க. எக்ஸப்ஷன் எதுவும் இல்லாம அது 2, 3ன்னு வந்தா வொர்க்கர் டைமை தாண்டுதுன்னு பெரும்பாலும் அடிச்சு சொல்லலாம்.

சரி, டைம்அவுட்டை 2 மணி நேரம் வெச்சா? வைக்கலாம், 12 மணி நேரம் வரைக்கும் விடும். ஆனா மெமரி பத்தாம வொர்க்கர் கில் ஆச்சுன்னா அந்த இன்வாய்ஸ் 2 மணி நேரம் யார் கண்ணுக்கும் படாம கிடக்கும், நீங்க தேடிட்டு இருப்பீங்க. மேல சொன்ன கேஸுக்கு ரெண்டு ரெண்டா எடுத்தாலே போதும், 16 செகண்ட்ல முடிஞ்சிடும். நிஜமாவே நேரம் தெரியாத வேலைன்னா (வீடியோ கன்வர்ஷன் மாதிரி) சின்ன டைம்அவுட் வெச்சு நடுநடுல நீட்டிக்கிட்டே போங்க:

```python
sqs.change_message_visibility(
    QueueUrl=url, ReceiptHandle=h, VisibilityTimeout=60)
```

இந்த 60 பழைய மிச்சத்தோட கூடாது, கூப்பிட்ட நொடியில இருந்து 60. எவ்ளோ நீட்டினாலும் முதல்ல எடுத்ததுல இருந்து 12 மணி நேரம்தான் லிமிட். தனி த்ரெட்ல கண்ண மூடிட்டு இதை ஓட விடறதுல எனக்கு உடன்பாடில்ல, மெயின் வேலை எங்கயாவது தொங்கிட்டாலும் அந்த த்ரெட் நீட்டிட்டே இருக்கும், வேற வொர்க்கருக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஒரு துண்டு வீடியோ முடிஞ்சா ஒரு தடவை நீட்டுங்க, அப்போ தொங்கினா தானா வெளில வரும். டிப்ளாய் பண்றப்போ வொர்க்கரை நிறுத்தச் சொல்லி `SIGTERM` வந்தா கைல இருக்கற மெசேஜோட டைம்அவுட்டை 0 ஆக்கிட்டுப் போங்க, அடுத்த வொர்க்கர் உடனே எடுத்துக்கும்.

இவ்ளோ பண்ணாலும் ஸ்டாண்டர்ட் கியூ "குறைஞ்சது ஒரு தடவை"ன்னுதான் வாக்கு குடுக்குது, ஒரே தடவைன்னு இல்ல. அதனால மெயில் அனுப்பறதுக்கு முன்னாடி இன்வாய்ஸ் நம்பரை யூனிக் கீ இருக்கற டேபிள்ல இன்சர்ட் பண்ணுங்க, இடிச்சா மெயிலை விட்டுடுங்க. இன்சர்ட் ஆகி மெயில் போறதுக்குள்ள செத்தா மெயிலே போகாதேன்னு கேப்பீங்க, கரெக்ட், அதுக்கு "ஆரம்பிச்சாச்சு", "அனுப்பியாச்சு"ன்னு அந்த டேபிள்ல ஸ்டேட்டஸ் ஃபீல்ட் ஒண்ணு வேணும், ரொம்ப நேரமா "ஆரம்பிச்சாச்சு"லயே நிக்கறதை திரும்ப அனுப்பணும். அப்பவும் எப்பயாவது ஒரு மெயில் ரெண்டு தடவை போகும். இன்வாய்ஸ் மெயிலுக்கு ஓகே, கார்டுல காசு எடுக்கற வேலைன்னா அதே ரிக்வெஸ்ட் திரும்ப வந்தாலும் ஒரு தடவைதான் காசு எடுக்கணும்னு காட்டற ஐடெம்பொடன்ஸி கீயை பேமெண்ட் கேட்வேக்கே அனுப்பியே ஆகணும்.