ட்ரெட்மில்லில் ஓடிய 6:40, ரோட்டில் எங்கே போனது?

என் முதல் ஹாஃப் மாரத்தானுக்கு நான் தயாரானது முழுக்க முழுக்க எங்கள் அபார்ட்மெண்ட் ஜிம்மில். ஓட்டம் ஜனவரியில். அதற்கு முந்தைய இரண்டு மாதமும் சென்னையில் வடகிழக்குப் பருவமழை. எங்கள் தெருவில் ஒரு மழைத் தண்ணீர் வடிவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். சரி, மெஷின் இருக்கவே இருக்கிறது என்று வாரம் நாலு நாள் ட்ரெட்மில்லில் 9 வைத்து ஓடினேன். மணிக்கு 9 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 40 விநாடி. அதே பேஸில் 21.1 கிலோமீட்டரையும் முடித்தால் 2 மணி 20 நிமிடம். கணக்கு பேப்பரில் அழகாகத்தான் இருந்தது.

முடித்தது 2 மணி 36 நிமிடத்தில். கடைசி ஐந்து கிலோமீட்டரில் பாதி நடை.

வாட்ஸ்அப் குழுவில் புலம்பினேன். குழுவில் சீனியர் அண்ணா ஒருவர் உடனே, "இன்க்ளைன் 1 வெச்சு ஓடினியாப்பா? வைக்கலல்ல? அதான் விஷயம்" என்றார். இன்னொருவர், "மெஷின்ல பெல்ட்டே காலைப் பின்னாடி இழுத்துட்டுப் போயிடும், நீ சும்மா தூக்கி வெச்சா போதும்" என்றார். ஓடுகிறவர்கள் எந்த ஊரில் கூடினாலும் இந்த இரண்டு வாக்கியமும் வந்துவிடும். இரண்டையும் நானும் ஒரு வருஷம் நம்பினேன். இப்போது நம்புவதில்லை. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் பெல்ட் இழுக்கும் கதை. ரயிலில் டீ விற்பவரைப் பாருங்கள். ரயில் சீரான வேகத்தில் போகும்போது எஞ்சினைப் பார்த்து நடந்தாலும் கார்டு பெட்டியைப் பார்த்து நடந்தாலும் அவருக்கு ஒரே உழைப்புதான். தரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது காலுக்குத் தெரியாது. பெல்ட்டும் அப்படியே. வேகம் மாறாத வரை பெல்ட் நமக்கு எந்த உதவியும் செய்வதில்லை. அதே காரணத்தால்தான் இன்க்ளைன் வைத்தால் நிஜமாகவே ஏறுகிற உழைப்பு வருகிறது. "மேலேயே போகலையே, அப்புறம் எப்படி ஏற்றம்?" என்று கேட்பவர்கள் ஒருமுறை கீழே இறங்கும் எஸ்கலேட்டரில் ஏறிப் பார்க்கட்டும். இருந்த இடத்திலேயேதான் இருப்பார்கள், மூச்சு மட்டும் வாங்கும்.

ரோட்டில் இருந்து மெஷினில் இல்லாமல் போவது ஒன்றே ஒன்று: எதிர்காற்று. அதை ஈடுகட்டத்தான் அந்த 1 சதவீதம். இந்த விதி வந்த இடம் பிரிட்டனில் ஆண்ட்ரூ ஜோன்ஸ், ஜொனாதன் டூஸ்ட் இருவரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு. பயிற்சி பெற்ற 9 ஆண் ஓட்டக்காரர்களை மணிக்கு 10.5 முதல் 18 கிலோமீட்டர் வரை ஆறு வேகங்களில், மெஷினிலும் சமதள ரோட்டிலும் ஓடவிட்டு, ஆக்சிஜன் எவ்வளவு செலவாகிறது என்று அளந்தார்கள். ஒட்டுமொத்தமாக 1 சதவீதம் வைத்தால் ரோட்டுக்குச் சமமாக வருகிறது என்பது முடிவு. இந்த முடிவை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆய்வில், குறைந்த இரண்டு வேகங்களில், அதாவது 10.5-இலும் 12-இலும், ரோட்டுக்கும் 0 சதவீதத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே தெரியவில்லை. வித்தியாசம் தலைகாட்டுவது 13.5-இல், அதாவது 4:27 பேஸில். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும் என்பதால் இதில் ஆச்சரியம் இல்லை. 18-இல் ஓடுகிறவர் முகத்தில் அறையும் காற்றில் நாலில் ஒரு பங்குதான் 9-இல் ஓடும் என் மேல் படுகிறது.

ஆக, 6:30, 7:00, 7:30 என்று ஓடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு 0 போதும். 1 வைப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் கணக்கு தப்பிவிடும். எவ்வளவு என்று பார்ப்போம். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் தரும் ஓட்டச் சூத்திரத்தின்படி, ஓடும்போது ஒவ்வொரு 1 சதவீத ஏற்றமும் சமதளத்தில் சுமார் 4.5 சதவீதம் வேகம் கூட்டியதற்குச் சமம். 9-இல் 1 சதவீதம் வைத்தால் சமதளத்தில் 9.4-இல் ஓடும் உழைப்பு. 6:40 என்று திரையில் தெரியும், உடம்பு 6:23-க்கு உழைத்துக்கொண்டிருக்கும். இது மதிப்பீடுதான், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் மொத்தமும் பொய். ஏற்றத்தில் பிடியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால், சரிவில் பாதியை அங்கேயே அழித்துவிட்டீர்கள்.

அப்படியானால் என் 6:40 எங்கே போனது? இன்க்ளைன் வைக்காதது காரணம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மெஷின் மேல் சந்தேகம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜிம்மில் யாரும் இல்லாத நேரம், டெய்லர் டேப், வெள்ளை இன்சுலேஷன் டேப், மனைவி சகிதம் இறங்கினேன். மெஷினை ஆஃப் செய்து பெல்ட்டின் ஓரத்தில் வெள்ளை டேப் ஒட்டி, கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பெல்ட்டின் முழுச் சுற்றையும் அளந்தேன். 3.2 மீட்டர். 50 சுற்று என்றால் 160 மீட்டர். மணிக்கு 9 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 2.5 மீட்டர், ஆகவே 50 சுற்றுக்கு 64 விநாடி ஆக வேண்டும். பெல்ட்டை வெறுமனே ஓடவிட்டோம். மனைவி போனில் வீடியோ எடுத்து எண்ணினாள். 64, சரியாக இருந்தது. "அவ்ளோதானே, போலாமா?" என்றாள். ஆனால் ஆள் ஏறிய பிறகு அளப்பதுதான் உண்மையான அளவு. நான் ஏறி ஓடினேன். அதே 9, அதே 50 சுற்று. 68 விநாடி.

160 மீட்டருக்கு 68 விநாடி என்றால் மணிக்கு 8.47 கிலோமீட்டர். பேஸ் 7:05. இரண்டு மாதமாக நான் ஓடிய 6:40 எல்லாம் 7:05. அந்த பேஸில் 21.1 கிலோமீட்டருக்கு 2 மணி 29 நிமிடம் ஆகும்.

காரணம் எளிது. எங்கள் மெஷினில் திரை காட்டுவது மோட்டார் பக்கத்து வேகத்தை. பெல்ட் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு தடவை கால் விழும்போதும் ரோலர் மேல் கொஞ்சம் வழுக்கும். அந்த வழுக்கல் திரைக்குத் தெரியாது. கால் ஊன்றும் கணத்தில் பெல்ட் லேசாகத் தயங்குவது போல் இருந்தால் அதுதான் அறிகுறி. எனக்கு அந்தத் தயக்கம் இரண்டு மாதமும் தெரிந்திருக்கிறது, என் ஓட்டம்தான் அப்படி என்று நினைத்திருந்தேன்! பெல்ட்டுக்கு அடியில் சிலிகான் எண்ணெய் காய்ந்திருந்தாலும் ஆள் ஏறினதும் வேகம் விழலாம். ஆகவே ஆள் இல்லாமலும் ஆள் ஏறியும் இரண்டு முறை அளந்தால் பிரச்சனை எங்கே என்று ஓரளவு பிடிபடும். ஆள் இல்லாமலேயே தப்பாக இருந்தால் மெஷினின் அளவுத் திருத்தமே கோளாறு.

இன்க்ளைனையும் அப்போதே பார்த்தேன். போனில் மட்டம் பார்க்கும் ஆப் இருக்கிறதல்லவா, அதைப் பெல்ட் மேல் வைத்தால் டிகிரியில் காட்டும். 5 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 2.9 டிகிரி, 10 சதவீதம் என்றால் 5.7 டிகிரி. சதவீதத்தையும் டிகிரியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வீட்டு மெஷின்கள் சிலவற்றில் இன்க்ளைன் என்று போட்டிருக்கும் 1, 2, 3 சதவீதமே இல்லை, வெறும் படி எண்.

பெல்ட்டால் போனது 9 நிமிடம். மிச்சம் 7 நிமிடம்? அது முழுக்க என் தப்பு, பேஸ் பிடிக்கத் தெரியாத தப்பு.

மெஷினில் பேஸை நான் பிடிக்கவில்லை, மெஷின் பிடித்துக்கொடுத்தது. 9 என்று அழுத்திவிட்டால் வேலை முடிந்தது. ரோட்டில் ஸ்டார்ட் லைனில் முன்னாலும் பின்னாலும் ஆயிரம் பேர், ஸ்பீக்கரில் பாட்டு, விடியற்காலை இருட்டு. முதல் 4 கிலோமீட்டர் 6:20-இல் போயிருக்கிறேன். கஷ்டமாகவே தெரியவில்லை. ஐந்தாவது கிலோமீட்டரில் ஒரு மேம்பாலம். வாட்சில் பேஸ் இறங்குவதைப் பார்த்துப் பதறி, ஏற்றத்திலும் 6:40-ஐ விடாமல் பிடித்தேன். பாலம் 4 சதவீத ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன கணக்குப்படி, 4 சதவீதத்தில் 6:40 ஓடுவது சமதளத்தில் 5:39 ஓடுவதற்குச் சமம். 7:05-க்குப் பழகிய உடம்பு அது! 6:40-இன் உழைப்பிலேயே ஏறியிருந்தால்கூட பேஸ் 7:52-க்குத் தானாக இறங்கியிருக்கும். 300 மீட்டர் ஏற்றத்தில் அதனால் போவது இருபது இருபத்தியிரண்டு விநாடி. அந்த விநாடிகளை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் கடைசியில் நடந்தேன்.

இறக்கம் இன்னொரு பாடம். பெரும்பாலான மெஷின்களில் ஏற்றம் மட்டும்தான் உண்டு. பாலத்தில் இறங்கும்போது தொடையின் முன்பக்கம் வாங்கும் அடிக்கு மெஷினில் ஒத்திகையே கிடையாது.

இப்போது நான் செய்வது இதுதான். மழை இல்லாத நாளில் ரோட்டில், வாட்சைப் பார்க்காமல், வாக்கியமாகப் பேச முடிகிற அளவில் அரை மணி நேரம் ஓடுகிறேன். பிறகுதான் பேஸையும் இதயத்துடிப்பையும் பார்க்கிறேன். எனக்கு 7:10-க்கு 150 சுற்றி வருகிறது. அதே 150 மெஷினில் எந்த வேகத்தில் வருகிறது என்று தேடிப் பிடித்தால், அதுதான் அந்த மெஷினில் என் 7:10. திரையில் என்ன எண் இருந்தால் என்ன? ஃபேனை மட்டும் நேர் எதிரே வைத்துக்கொள்வேன். ரோட்டில் நம் ஓட்டமே காற்று வீசிக்கொடுக்கும், மெஷினில் அது கிடையாது. வியர்வை உலராமல் அரை மணிக்குப் பிறகு துடிப்பு தானாக ஏறி, ஒப்பீடு கெட்டுப்போகும்.

ஏற்றத்துக்கு மெஷின் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இந்த ஊரில் மேம்பாலத்தை விட்டால் மேடு ஏது? 4 சதவீதம் வைத்து, வேகத்தை 7.6-க்குக் குறைத்து, இரண்டு நிமிடம். பிறகு 0-வில் 9, மூன்று நிமிடம். இப்படி ஆறு முறை. மூச்சு இரண்டிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். பாலம் ஏறும்போது எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது காலுக்கு இப்படித்தான் பழகியது.

பெல்ட் விஷயத்தை அசோசியேஷனில் சொன்னேன். மெக்கானிக் வந்து, பின் ரோலரின் இரண்டு பக்க போல்ட்டையும் ஆலன் கீயால் கால் சுற்று கால் சுற்றாகச் சமமாக இறுக்கி, எண்ணெய் விட்டார். நான் மறுபடி ஏறி அளந்தேன், 64 வந்தது. மறுநாள் காலை மூன்றாவது மாடி மாமா செக்ரட்டரியிடம் நின்றுகொண்டிருந்தார். "என்ன சார் பண்ணீங்க மெஷினை? நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்தேன், இன்னைக்கு 7 வெச்சாலே தள்ளுது."