படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் திட்டியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழுவில் நடந்ததைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். திருப்பூர் தம்பி தன் வேலையை ஆன்லைனில் விற்கும் ஃபைவர் தளத்தில் வைத்திருந்த கிக் படத்தை, அதாவது அவர் விளம்பரத்தின் முகப்புப் படத்தை, யாரோ எடுத்துப் போட்டு, "இதற்கு 1,500 ரூபாயா? ஒரு தொப்பி, ரெண்டு வார்த்தை. ஏமாற்று வேலை" என்று எழுதியிருந்தார். கீழே அறுபதுக்கும் மேல் கமென்ட். அந்தப் படத்தைச் செய்தது நான்தான். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

திட்டிய எல்லாருமே அந்தப் படத்தைப் போனில் தனியாகத் திறந்து, திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறீர்கள். வாங்குபவர் அதை அப்படிப் பார்ப்பதே இல்லை. கிக் படத்தை 1280க்கு 769 பிக்சலில் செய்து ஏற்றுகிறோம். கணினியில் தேடல் பக்கத்தில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கி, பக்கத்திலும் கீழேயும் பத்துப் பதினைந்து படங்களோடு நெருக்கியடித்து நிற்கும். நீங்கள் 40 பிக்சலில் எழுதிய எழுத்து அங்கே 8 பிக்சல். அதை யாரும் படிக்க மாட்டார்கள். படம் எந்த அளவில் பார்க்கப்படுமோ அந்த அளவில் வைத்துப் பேசுங்கள். என் வாதமே இது ஒன்றுதான்.

தம்பி செய்வது எம்பிராய்டரி பஞ்சிங். லோகோவைக் கொடுத்தால், தையல் மெஷின் படிக்கும் ஃபைலாக மாற்றித் தருவார். பழைய படத்தில் கருநீலப் பின்னணி. இடது பக்கம் அவர் கோட்டு போட்ட போட்டோ. நடுவில் PROFESSIONAL EMBROIDERY DIGITIZING SERVICE. அதற்குக் கீழே எட்டு ஃபைல் வகைகளின் பெயர், ஐந்து நட்சத்திரம், 24 மணி நேரம், நூறு சதவீதத் திருப்தி. இதில் பாதி, படத்துக்கு வெளியே ஏற்கெனவே இருக்கிறது. விற்பவரின் முகமும் பெயரும் கிக் தலைப்பும் படத்துக்குக் கீழேயே வருகின்றன. ரேட்டிங்கும் விலையும் அங்கேதான். அப்படியானால் படம் எதைச் சொல்ல வேண்டும்? அந்த வரிகளால் சொல்ல முடியாததை. இவர் செய்த ஃபைலில் தைத்தால் தையல் எப்படி விழும் என்பதை.

அதைக் காட்டத்தான் அந்தத் தொப்பி. அது இணையத்தில் எடுத்த படம் இல்லை. அவர் பஞ்ச் செய்த ஃபைலை அவர் தெருவிலேயே உள்ள ஒரு யூனிட்டில் கொடுத்து நிஜமாகத் தைத்து வாங்கினோம். முதலில் ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் நூலே தெரியவில்லை. துணியில் அச்சடித்த மாதிரி தட்டையாக இருந்தது. நேர் எதிரிலிருந்து வெளிச்சம் விழுந்தால் நூலுக்கு நிழல் கிடையாது. மறுநாள் காலை ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்வாக விழும்படி திருப்பித் திருப்பி எடுத்தோம். ஒவ்வொரு நூலும் தனித்தனியாக எழுந்து நின்றது. அப்புறம் லோகோ படத்தின் மூன்றில் இரண்டு பங்கை நிறைக்கும்படி வெட்டினேன். லோகோவின் இடது பாதி வாடிக்கையாளர் தந்த வரைபடம், வலது பாதி தைத்தது. பின்னணி வெளிர் சாம்பல், ஏனென்றால் தேடல் பக்கம் வெள்ளை. வெள்ளைப் பின்னணி போட்டால் படத்தின் ஓரமே தெரியாமல் கரைந்துவிடும். வலது மேல் மூலையில் தளத்தின் இதயக் குறி வந்து உட்காரும், அதனால் அங்கே ஒன்றும் வைக்கவில்லை. எழுத்து என்று தையல் மெஷின் ஃபைல் வகைகளான DST, PES இரண்டின் பெயர் மட்டும், 110 பிக்சலில். மெஷின் வைத்திருப்பவர் கண் முதலில் தேடுவது அதைத்தான்.

நீங்கள் "காலி" என்று சொன்ன படம் இதுதான்.

எண்ணையும் சொல்லிவிடுகிறேன், தம்பி அனுமதித்திருக்கிறார். இம்ப்ரெஷன் என்றால் கிக் எத்தனை தடவை காட்டப்பட்டது என்ற கணக்கு. பழைய படத்தோடு 30 நாளில் 2,140 இம்ப்ரெஷன், 13 கிளிக். அதாவது 0.6 சதவீதம். தலைப்பு, விலை, டேக் எதையும் தொடாமல் படத்தை மட்டும் மாற்றினோம். அடுத்த 30 நாளில் 1,960 இம்ப்ரெஷன், 37 கிளிக். 1.9 சதவீதம். "அதிர்ஷ்டம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான சந்தேகம்தான். 13 என்பது மிகச் சிறிய எண், எதுவுமே மாறாமல்கூட அது அடுத்த மாதம் 7 ஆகலாம், 20 ஆகலாம். 15லிருந்து 19 ஆகியிருந்தால் நானே வாய் திறந்திருக்க மாட்டேன். 37 அந்த ஊசலாட்டத்துக்குள் வராது. எந்தெந்தத் தேடலில் கிக் காட்டப்பட்டது என்பதும் கொஞ்சம் மாறியிருக்கலாம், அதனால் முழுப் பெருமையும் படத்துக்கே என்று நான் சொல்லவில்லை. அந்த மாதம் ஆர்டர் ஒன்றிலிருந்து நான்கானது. அதையும் அதிர்ஷ்டம் என்றால் சரி, விட்டுவிடுகிறேன்.

"பெரிய செல்லர்கள் எல்லாம் எழுத்தாக நிரப்பித்தான் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஓடுகிறதே?" ஓடுகிறது. அவர்கள் படத்துக்குக் கீழே ஆயிரக்கணக்கில் ரிவ்யூ நிற்கிறது, கிளிக்கை அது இழுக்கிறது. மூன்று ரிவ்யூ வைத்திருக்கும் தம்பி அவர்கள் படத்தைக் காப்பியடித்தால் ரிவ்யூவும் கூடவே வருமா?

"முகம் போட்டால் நம்பிக்கை வரும்." வாய்ஸ் ஓவர் செய்பவர், கேமரா முன்னால் பேசித் தருபவர் போடட்டும். தையல் ஃபைல் வாங்குபவருக்கு முகம் எதற்கு?

எழுத்தே கூடாது என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. ப்ரூஃப் ரீடிங், கணக்கு எழுதுவது போல கண்ணுக்குக் காட்ட முடியாத வேலைகள் இருக்கின்றன, அங்கே மூன்று நான்கு வார்த்தை வேண்டும். ஆனால் அவையும் சுருங்கிய அளவில் படிக்கக் கிடைக்க வேண்டும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது அம்மாவிடம். எனக்கென்று முதல் கிக் படம் செய்தபோது நான்கு நாள் உட்கார்ந்து இழைத்தேன். ஒரு மாதம் ஒருவரும் திறக்கவில்லை. தேடல் பக்கத்தைத் திறந்து அம்மாவிடம் நீட்டி, என் படம் எது என்று சொல்லாமல், "இதுல என்னென்னம்மா தெரியுது?" என்றேன். கண்ணாடி இல்லாமலே பார்த்து, "இங்க ஒரு நாய் பொம்மை, இது ஏதோ புத்தகம், இது என்னமோ நீலமா இருக்கு" என்றார். அந்த நீலம் என்னுடையது. இன்றுவரை எந்தப் படத்தையும் அந்த வரிசைக்குள் ஒட்டி, அம்மாவிடம் காட்டாமல் அனுப்பியதில்லை. திருப்பூர் படத்தைப் பார்த்ததும், "தொப்பியில பூ தச்சிருக்கு, நூல் நல்லா இருக்கு" என்றார். அன்றுதான் அனுப்பினேன்.

1,500 ரூபாய்க்கு வருகிறேன். தைக்கக் கொடுத்தது, இரண்டு தடவை போட்டோ எடுத்தது, ஐந்து வடிவம் செய்து நான்கைத் தூக்கிப் போட்டது, எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் காசு. தூக்கிப் போட்ட வேலை படத்தில் தெரியாது. எட்டு ஐகானும் நான்கு நட்சத்திரமும் அடைத்திருந்தால் "காசுக்கு ஏத்த வேலை" என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள், அவருக்கு மட்டும் கிளிக் வந்திருக்காது. நான் காசு வாங்கியது உங்களைத் திருப்திப்படுத்த இல்லை. "ஏமாற்று வேலை" என்று எழுதியவர் ஒரு தடவையாவது என்னிடம் கேட்டிருக்கலாம். நான் அதே குழுவில்தான் இருக்கிறேன்.

நேற்று இரவு தம்பி மெசேஜ் அனுப்பினார். "அக்கா, எல்லாரும் சொல்றாங்க, பயமா இருந்துச்சு, பழைய படத்தையே வெச்சுட்டேன், தப்பா நினைக்காதீங்க." அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. கிக் அவருடையது. கருநீலப் படம் இப்போது மறுபடியும் அங்கே இருக்கிறது. கமென்ட் போட்ட அறுபது பேரும் போய்ப் பாருங்கள், ஆனால் பெரிதாக்காமல், அந்த வரிசைக்குள் வைத்தே பாருங்கள்.