ஹோம்ஸ்டேக்கு நேரடி முன்பதிவு: பெயரைத் தேடி வருகிறவரைத் தவறவிடாதீர்கள்

ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் நான்கு பேர் சேர்ந்தால் பேச்சு கமிஷனில் வந்துதான் நிற்கும். அறைகளை முன்பதிவு செய்து தரும் பல பயணத் தளங்கள் வாடகையில் ஏறக்குறைய 15 சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன. ஓர் அறை 30 நாளும் நிரம்பினால்கூட நான்கரை இரவின் வாடகை நம் கைக்கு வராது. அந்த எரிச்சலில் பலரும் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: தினமும் ஒரு ரீல்ஸ் போடுவோம், ஆட்கள் தாமாக வருவார்கள்.

இந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை. ரீல்ஸ் பார்த்து இதயக்குறி போடுகிறவர்களில் மிகச் சிலருக்கே விடுமுறைத் தேதி கையில் இருக்கும். தேதியும் பணமும் தயாராக வைத்திருக்கிறவர் பயணத் தளத்தில் உட்கார்ந்து வீடுகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் நம் வீட்டை அங்கே பார்க்கிறார், பிடித்துப்போகிறது, பணம் கட்டுவதற்கு முன்னால் அதன் பெயரை கூகுளிலும் இன்ஸ்டாகிராமிலும் தட்டிப் பார்க்கிறார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஆண்டர்சன் 2009-இல் சில ஹோட்டல்களை வைத்து இதை ஆராய்ந்தார். பயணத் தளத்தில் பெயர் தெரிந்த காலங்களில், அந்தத் தளத்துக்கு வெளியே வரும் முன்பதிவும் கூடியது. தளமே நமக்கு விளம்பரப் பலகையாகிவிடுகிறது. பலகையைப் பார்த்துவிட்டுப் பெயரைத் தேடி வருகிறவருக்குக் கதவைத் திறந்து வைப்பதுதான் நம் சமூக ஊடகப் பக்கத்தின் முதல் வேலை என்பது என் கருத்து.

அதற்கு வீட்டின் பெயர் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். தளத்தில் "ஆற்றோர வீடு", கூகுள் வரைபடத்தில் குடும்பப் பெயர், இன்ஸ்டாகிராமில் எண்களும் கோடுகளும் கலந்த ஏதோ ஒன்று என்று இருந்தால் தேடுகிறவர் நம்மைக் கண்டுபிடிக்கமாட்டார். பொதுவான பெயராக இருந்தால் கூடவே ஊர்ப் பெயரையும் சேருங்கள். இன்ஸ்டாகிராமில் கணக்கின் முகவரிக்குக் கீழே தனியாக ஒரு பெயர்ப் பகுதி இருக்கிறது. தேடலில் அதுவும் கணக்கில் வரும். வீட்டுப் பெயரும் ஊரும் அங்கே இருக்கட்டும். அறிமுக வரியில் கவிதை வேண்டாம்: எத்தனை அறை, எத்தனை பேர் தங்கலாம், கீழே வாட்ஸ்அப் இணைப்பு. அந்த இணைப்பு https://wa.me/ என்று தொடங்கி, நாட்டுக் குறியீட்டோடு உங்கள் எண்ணில் முடியும். கூட்டல் குறியோ இடைவெளியோ நடுவில் வந்துவிடக் கூடாது.

பக்கத்தின் உச்சியில் மூன்று பதிவுகளை நிலையாகப் பொருத்தி வைக்க முடியும். பலர் அங்கே சூரிய உதயத்தை வைக்கிறார்கள். நான் வைக்கச் சொல்வது வேறு. முதலாவது, வெளிவாசலில் தொடங்கி அறை, கட்டில், ஜன்னல், குளியலறை வரை வெட்டாமல் நடந்துகொண்டே எடுத்த ஒரு நிமிடக் காணொளி. குளியலறையை விடவே கூடாது. தங்க வருகிறவர், குறிப்பாகக் குடும்பத்தோடு வருகிறவர், முதலில் தேடுவது அதைத்தான். காட்டாவிட்டால் எதையோ மறைக்கிறோம் என்று நினைப்பார். இரண்டாவது, பிரதான சாலையிலிருந்து வீடு வரைக்குமான வழி: கார் வாசல் வரை வருமா, கடைசியில் எத்தனை படிகள். மூன்றாவது, முன்பதிவு எப்படிச் செய்வது, முன்பணம் எவ்வளவு, ரத்து செய்தால் என்ன கிடைக்கும். அழகான படங்கள் இவற்றுக்குக் கீழே எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும்.

முன்பதிவு பெரும்பாலும் கைநழுவுவது இதற்கு அடுத்த கட்டத்தில், பதில் எழுதுகிற இடத்தில். "அடுத்த வெள்ளி, சனி இரண்டு இரவு, நான்கு பேர். என்ன வாடகை?" என்று ஒருவர் கேட்கிறார். நாம் வாடகையை மட்டும் எழுதி அனுப்புகிறோம். அவர் "சரி" என்கிறார், பிறகு வருவதே இல்லை. அவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. தளத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்துவிடும். அந்தப் பொத்தான் செய்கிற வேலையை நம் பதில் செய்ய வேண்டும்:

"வணக்கம். வெள்ளி, சனி இரண்டு இரவும் பின்பக்க அறைகள் இரண்டும் காலியாக இருக்கின்றன. நான்கு பேருக்கு, காலை உணவும் சேர்த்து, இரண்டு இரவுக்கு மொத்தம் இவ்வளவு. இன்று இரவு 9 மணி வரை உங்களுக்காக வைத்திருக்கிறேன். கால் பங்கு முன்பணம் அனுப்பினால் உறுதி செய்து, வழி வரைபடம் அனுப்புகிறேன். ஏழு நாளுக்கு முன்பு ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். வேண்டுமானால் இப்போதே காணொளி அழைப்பில் வீட்டைக் காட்டுகிறேன்."

இதை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தட்ட வேண்டியதில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் விரைவுப் பதிலாகச் சேமித்து வைத்தால், தேதியையும் தொகையையும் மட்டும் மாற்றி அனுப்பலாம். கடைசி வரியை மட்டும் நீக்கிவிடாதீர்கள். ஹோம்ஸ்டே படங்களைத் திருடி, அதே பெயரில் போலிக் கணக்கு தொடங்கி, முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்ப விருந்தினர் தயங்குவது நியாயமே. காணொளி அழைப்பும், கூகுள் வரைபடத்தில் உள்ள அதே தொலைபேசி எண்ணும் அந்தத் தயக்கத்தைப் போக்கும். நாமும் அவ்வப்போது நம் வீட்டுப் பெயரைத் தேடிப் பார்த்து, போலிக் கணக்கு கண்ணில் பட்டால் உடனே புகார் செய்ய வேண்டும்.

முன்பணம் வந்த அந்த நிமிடமே, நன்றி சொல்வதற்கு முன்பே, பயணத் தளங்களின் நாட்காட்டியில் அந்த இரவுகளைக் கையால் அடைத்துவிடுங்கள். இரண்டு தளங்களின் நாட்காட்டிகளை iCal வழியாக இணைத்திருந்தாலும் அது உடனுக்குடன் புதுப்பிக்காது; சில மணி நேரம்கூடப் பிடிக்கலாம். அந்த இடைவெளியில் தளம் வழியாக இன்னொருவர் அதே அறையை எடுத்துவிட்டால், ரத்து செய்த பழி நம்மேல் விழும், தேடல் பட்டியலில் நம் இடமும் சரியலாம்.

தளத்தின் உரையாடலுக்குள்ளேயே "நேரடியாக வாருங்கள், குறைத்துத் தருகிறேன்" என்று எழுதுவதை நான் ஆதரிக்கவில்லை. அது பொதுவாக அவர்களின் விதிகளுக்கு எதிரானது, கணக்கையே முடக்கிவிடவும் கூடும். தளம் அனுப்பிய விருந்தினருக்குத் தளத்தின் பங்கைக் கொடுப்பதுதான் நேர்மையும்கூட. சில ஒப்பந்தங்களில் வெளியே குறைந்த வாடகையை அறிவிக்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். அப்படி இருந்தால் நேரடியாக வருகிறவருக்குத் தாமதமாக அறையைக் காலி செய்யும் வசதியையோ, தேதியை மாற்றிக்கொள்ளும் உரிமையையோ கொடுக்கலாம்.

பலன் இருக்கிறதா என்பதைப் பின்தொடர்பவர் எண்ணிக்கை சொல்லாது. தேதியோடு வந்து விசாரித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் முன்பணம் கட்டியவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், ஒவ்வொருவரிடமும் "எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டு அதையும் பக்கத்தில் குறியுங்கள். இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு நிறையப் பேர் வந்தும் வாட்ஸ்அப் இணைப்பை யாரும் தொடவில்லை என்றால் கோளாறு அந்த மூன்று பதிவுகளிலும் அறிமுக வரியிலும் இருக்கிறது. விசாரணை வந்தும் பணம் வரவில்லை என்றால் பதிலில் இருக்கிறது.

விருந்தினர் கிளம்பும்போது, வீட்டின் எண்ணை அவருடைய தொலைபேசியில் வீட்டுப் பெயரிலேயே சேமிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியலில் நாம் அனுப்பும் செய்தி, நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். சேமிக்காதவருக்கு அடுத்த விடுமுறையில் அறை காலியாக இருக்கும் செய்தி எட்டாது. அவர் மறுபடியும் பயணத் தளத்தில்தான் போய்த் தேடுவார்.